சேலையின் நிறம் மாறலாம், மடிப்பு மாறக்கூடாது

கீழக்கரையில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். பரமக்குடிக் கைத்தறிச் சேலையை மாம்பழ மஞ்சளில் மட்டும் படம் எடுத்து, மற்ற நிறங்களை GIMP மென்பொருளில் மாற்றிக்கொள்கிறேன். படத்தின் மேல் ஒரு லேயரில் நீலத்தை ஊற்றி LCh Color முறை வைத்தால், வெளிச்சம் படும் இடம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கிறது. நான் கேட்ட நீலம் மடிப்பின் குழியில் மட்டும்தான் வருகிறது. ஏன்?

நீங்கள் தேர்ந்த முறை நிறத்தை மாற்றுகிறதே தவிர, ஒளிர்வை மஞ்சளிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. மஞ்சள் இயல்பிலேயே வெளிச்சமான நிறம், கருநீலம் இருண்ட நிறம். மஞ்சள் துணி சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களில் முறையே 220, 170, 40 என்று இருந்தால் அதன் ஒளிர்வு நூற்றுக்குச் சுமார் 72. நீங்கள் விரும்பும் நீலம் 30, 80, 140 என்றால் அதற்கு 34தான். மஞ்சள் சேலையின் மடிப்புக் குழி ஏறக்குறைய 38-இல் நிற்கும். ஆகவே உங்கள் நீலத்துக்குப் பொருத்தமான இருட்டு அந்தக் குழியில் மட்டுமே கிடைக்கிறது.

மடிப்பு என்பது ஒரு விகிதம். குழியில் வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்பது துணியின் சாயத்தைப் பொறுத்ததன்று. அந்த விகிதத்தைப் பிரித்தெடுத்துப் புதிய நிறத்தோடு பெருக்க வேண்டும்.

முதலில் Image > Precision சென்று 32 bit floating point ஆக்குங்கள். இல்லாவிட்டால் வகுக்கும்போது மேட்டின் ஒளி வெட்டுப்படக்கூடும். சேலைப் படத்தை நகலெடுத்து, Colors > Components > Extract Component வழியாக RGB Red எடுங்கள். மஞ்சளில் நீலச் சேனல் மிகச் சிறியது, அதில் இரைச்சல்தான் மிஞ்சும். வலுவான சேனலையே நம்புங்கள். அதன்மேல் 220 அளவுள்ள சாம்பல் லேயரை Divide முறையிலும், அதற்கும் மேல் நீல லேயரை Multiply முறையிலும் வையுங்கள். மூன்றையும் ஒரே குழுவாக்கிச் சேலைக்கு மட்டும் மாஸ்க் போடுங்கள். ஜரிகை மாஸ்க்குக்கு வெளியே இருக்கட்டும்.

கண்ணை நம்ப வேண்டாம், நிறமெடுப்பானால் சோதியுங்கள். குழியில் பழைய சிவப்பு 110 என்றால் நடுத்தர இடத்தின் 220-இல் பாதி. புதிய படத்தில் நீலச் சேனலும் 140-இன் பாதியான 70-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அது 100-க்கு மேல் நின்றால் ஏதோ ஒரு லேயரின் முறை தவறாக இருக்கிறது.

நீங்கள் சொல்கிற அதே முறையில் மண்டபத்தில் எடுத்த பட்டுப் பாவாடையை மாற்றினேன். மடிப்பு சரியாக வந்தது, பளபளப்பு மட்டும் பிளாஸ்டிக்போல் இருக்கிறது.

பட்டின் மின்னல் துணிக்குள் போய்த் திரும்பும் ஒளி அன்று. மேற்பரப்பிலேயே தெறித்து வருவது, அதனால் அதற்கு விளக்கின் நிறம்தான், சாயத்தின் நிறமில்லை. அதையும் சேர்த்து நீலத்தால் பெருக்கினால் நீல மின்னல் வருகிறது, கண் உடனே பொய் என்கிறது. மிகப் பிரகாசமான கோடுகளை மட்டும் ஓரம் மங்கலாகத் தேர்ந்தெடுத்து, அசல் படத்திலிருந்து அந்த ஒளியை நிறம் நீக்கி, Addition முறையில் மேலே சேருங்கள். இங்கே கூட்டல், பெருக்கல் அன்று. அளவு போதுமா என்பதை அசல் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்து லேயரின் Opacity அளவால் குறையுங்கள். மின்னல் ஏற்கெனவே 255-இல் முட்டியிருந்தால் அதற்குள் நெசவு இருக்காது. அங்கே எதையும் தேடாதீர்கள்.

தனுஷ்கோடி மணலில் எடுத்த வெள்ளைச் சட்டையை மெரூன் ஆக்கினேன். மடிப்பெல்லாம் இருக்கிறது, ஆனாலும் ஆள் ஸ்டூடியோவில் நின்றதுபோலத் தெரிகிறது.

ஒரே சேனலை எடுத்திருப்பீர்கள். திறந்த கடற்கரையில் நிழல் பக்கத்துக்கு வானத்தின் நீலம் வருகிறது, சட்டையின் கீழ்ப் பகுதிக்கு மணலில் பட்டு எழும்பும் இளஞ்சூடான ஒளி வருகிறது. ஒற்றைச் சேனல் இரண்டையும் சாம்பலாக்கிவிடும். வெள்ளைத் துணியில் மூன்று சேனலும் வலுவாக இருப்பதால் இங்கே பிரித்தெடுக்கும் படியே தேவையில்லை. வண்ணப் படத்தையே சட்டையின் நடுத்தர வெள்ளையால் Divide செய்து, மெரூனால் Multiply செய்யுங்கள். மேலே சொன்ன மஞ்சள் சேலைக்கு இந்த வசதி கிடையாது.

கறுப்புச் சட்டையை வெள்ளையாக்க முடியுமா?

நடக்காத காரியம். கறுப்புத் துணியின் மடிப்புகள் JPEG படத்தில் ஒரு சில எண்களுக்குள் அடங்கியிருக்கும். பத்து மடங்கு பெருக்கினால் மடிப்புக்குப் பதில் பட்டைகளும் கட்டங்களும் வரும். வெள்ளைச் சட்டையையோ இளஞ்சாம்பல் சட்டையையோ போட்டு மறுபடி எடுத்து, அதிலிருந்து கறுப்புக்குப் போங்கள்.