81-ஐ மட்டும் சொல்

ஐயா, வணக்கம். எம்.ஏ. பொருளாதாரம் முதல் வருடம் படிக்கிறேன். இந்திய மக்கள்தொகை அட்டவணையைப் பத்து தடவை படித்துவிட்டுத்தான் படுக்கிறேன். விடிந்தால் 24.80 சதவீத வளர்ச்சி எந்தப் பத்தாண்டு, 24.66 எந்தப் பத்தாண்டு என்று குழம்பிவிடுகிறது. போனில் அட்டை போட்டுப் படிப்பதா, நோட்டில் எழுதிப் பார்ப்பதா?
- ஒரு மாணவி, மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள மாணவிக்கு,

போனோ நோட்டோ, எது கைக்கு வருகிறதோ அது. கலர் பேனா மட்டும் வேண்டாம்.

பத்து தடவை படித்தேன் என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. படிக்கும்போது எண் கண்ணெதிரே இருக்கிறது, தெரிந்த மாதிரிதான் இருக்கும். மறைத்துவைத்துக் கேட்டால்தானே தெரியுமா தெரியாதா என்பது தெரியும்?

திருப்பாதிரிப்புலியூரில் எனக்கு டியூஷன் எடுத்த அக்கா, ஆண்டு மட்டும் தெரிகிற மாதிரி அட்டவணைத் தாளை நீளவாக்கில் மடித்துக்கொள்வார். "81?" என்பார். என் உதடு கோடிக் கணக்கில் 36.1, 43.9, 54.8 என்று 1951-லிருந்து ஓடி 68.3-இல் வந்து நிற்கும். விடை சரிதான். ஆனால் உதட்டைப் பார்த்துவிடுவார். "பாட்டு பாடாதே, 81-ஐ மட்டும் சொல்!" வரிசையாகவே சொல்லிப் பழகினால் நடுவில் ஒரு எண் தவறினாலும் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் ஒரு படி நகர்ந்துவிடும். நீங்களும் உதட்டைக் கவனியுங்கள்ம்மா. சீட்டில் ஆண்டுகளை எழுதிக் குலுக்கி எடுங்கள். தெரியாவிட்டாலும் ஒரு எண்ணை எழுதிவிட்டு அப்புறம் தாளைத் திறங்கள். தப்பானதை மட்டும் மறுநாள் கேளுங்கள், சரியானது மூன்று நாள் கழித்து வரட்டும். தெரிந்ததையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது, அது வேண்டாம்.

சரி, அந்த 24.80. அதை ஏன் மனப்பாடம் செய்கிறீர்கள்? அடுத்தடுத்த வரிசையில் ஏறக்குறைய ஒரே எண் இருந்தால் யாருக்கும் குழம்பும். வளர்ச்சி வீதப் பத்தியையே விட்டுவிட்டு மக்கள்தொகையை மட்டும் கோடியில் வைத்துக்கொள்ளுங்கள். 1961-இல் 43.9, 1971-இல் 54.8. கூடியது 10.9. அதை 43.9-ஆல் வகுத்தால் 24.8 சதவீதம். அடுத்து 68.3. கூடியது 13.5, அதை 54.8-ஆல் வகுத்தால் 24.6. எது முதலில் என்ற கேள்வியே இல்லை. ஒரே இடத்தில் இது கைவிடும். 1951-61, 1991-2001 இரண்டுமே 21.6 என்றுதான் வரும். அந்த இரண்டையும் தனியாகக் கேட்டுப் பழகத்தான் வேண்டும்.

இப்படிக் கழித்துப் பழகினால் இன்னொன்றும் கண்ணில் படும். 1991-இல் 84.6, 2001-இல் 102.9, 2011-இல் 121.1. முதல் பத்தாண்டில் கூடியது 18.3 கோடி, அடுத்ததில் 18.2. முந்தைய பத்தாண்டைவிடக் குறைவான பேர் கூடியது 1911-21-க்குப் பிறகு இதுதான் முதல் முறை. வாய்மொழித் தேர்வில் வீதத்தைக் கேட்டுவிட்டு அடுத்ததாக இதைத்தான் கேட்பார்கள்.