வங்கிப் பதிவில் எத்தனை எமோஜி, டியூஷன் பதிவில் எத்தனை?

கேள்வி: காரைக்குடியில் சின்னச் சின்ன விளம்பர வேலைகள் எடுத்துச் செய்கிறேன். ஒரு கூட்டுறவு வங்கிக்கும், செக்காலைப் பக்கம் ஒரு டியூஷன் சென்டருக்கும் வாட்ஸப், ஃபேஸ்புக் பதிவுகள் நான்தான் எழுதுகிறேன். டியூஷன்காரர் "இன்னும் கலர்ஃபுல்லா போடுங்க" என்கிறார். வங்கி மேலாளர் எமோஜியே வேண்டாம் என்கிறார். எங்கே எவ்வளவு போடலாம்?

பதில்: மேலாளர் சொல்வது முக்கால்வாசி சரி. வங்கிப் பதிவில் மிஞ்சிப் போனால் ஒன்று. பெரும்பாலான நாட்களில் ஒன்றும் வேண்டாம். டியூஷன் பதிவு மூன்று நான்கு தாங்கும்.

வங்கிக்கு ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? உங்கள் ஊரில் அந்தப் பதிவை யார் படிக்கிறார்கள் என்று பாருங்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிக்கும் அது போய்ச் சேர்கிறது. "பரிசு, உடனே, கடைசி நாள்னு எது வந்தாலும் தொடாதீங்க" என்று பிள்ளைகள் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருப்பார்கள். மோசடிக்காரர்களின் செய்திகளில் 🎁 💰 🔥 ⏰ இல்லாமல் இருப்பது அபூர்வம். அதே படங்களை வங்கியும் போட்டால் ஆச்சி இரண்டில் ஒன்று செய்வார். உண்மையான பதிவை அழித்துவிடுவார். அல்லது வங்கிச் செய்தி என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று பழகி, அடுத்து வரும் போலியை நம்பிவிடுவார். இரண்டாவதுதான் ஆபத்து.

இப்படி ஒரு பதிவு என்று வையுங்கள்:

🔥🔥 நகைக் கடன்! 💰💰 புதுப்பிக்க கடைசி 2 நாள் ⏰ உடனே வாங்க 👇👇

இதையே இப்படி எழுதலாம்:

நகைக் கடன் தவணை இந்த மாதம் முடிகிறவர்கள் வெள்ளிக்கிழமை மாலைக்குள் கிளைக்கு நேரில் வந்து புதுப்பித்துக்கொள்ளலாம். கடன் ரசீதும் ஆதார் அட்டையும் கொண்டு வாருங்கள். ஓ.டி.பி., ஏ.டி.எம். பின் எண் எதையும் நாங்கள் போனில் கேட்பதில்லை.

அவசரத்தை ⏰ சொல்ல வேண்டியதில்லை, "வெள்ளிக்கிழமை மாலைக்குள்" என்ற சொற்களே சொல்லிவிடுகின்றன. பணம், தேதி, வட்டி, லிங்க் ஆகியவற்றின் பக்கத்தில் எமோஜி வேண்டாம் என்பதை மேலாளரிடம் விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் வாழ்த்தில் ஒரு 🌾, தீபாவளிக்கு ஒரு 🪔 தப்பில்லை. ஆனால் அந்த விளக்கு எமோஜி 2019-இல்தான் வந்தது. அப்டேட் ஆகாத பழைய போனில் வெறும் கட்டமாகத் தெரியலாம். போடுமுன் யாராவது ஒரு பெரியவரின் போனில் பார்த்துவிடுங்கள்.

அதே வாசகம் எஸ்.எம்.எஸ்.ஸாகவும் போனால் செலவும் கூடும். ஆங்கிலச் செய்தி ஒன்றில் 160 எழுத்துக்குறிகள் அடங்கும். ஒரே ஒரு எமோஜி நுழைந்தால் அது 70 ஆகிவிடும், மிச்சம் அடுத்த செய்தியாகக் கணக்காகும். தமிழ்ச் செய்திக்கு ஏற்கெனவே 70தான். அதிலும் பெரும்பாலான எமோஜிகள் ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு இடத்தைத் தின்னும்.

டியூஷன் சென்டர் கதை வேறு. வேலைக்கு நடுவே குரூப்பைத் திறக்கும் பெற்றோருக்கு எந்த வகுப்பு, எத்தனை மணி, எங்கே என்று சட்டென்று தெரிய வேண்டும். அங்கே எமோஜி வரியின் தலையில் நின்று வழி காட்டும்:

📚 10-ஆம் வகுப்பு கணிதம், அறிவியல்
🕠 திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை 5.30 – 7.00
📍 செக்காலை ரோடு, முதல் மாடி

அந்தக் கடிகாரத்தை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு மணிக்கும், அரை மணிக்கும் தனித்தனிக் கடிகார எமோஜி உண்டு. கண்ணில் பட்ட முதல் கடிகாரத்தைப் போட்டால் எழுத்து 5.30 என்னும், படம் 3 மணி காட்டும். நடு வாக்கியத்தில் செருக வேண்டாம். பார்வையற்றவர்களுக்கு எழுத்தை வாசித்துக் காட்டும் செயலி ஒவ்வொரு எமோஜியின் பெயரையும் சேர்த்தே வாசிக்கும். வாக்கியம் துண்டு துண்டாகிவிடும்.

உங்கள் டியூஷன்காரர் 💯 கேட்பார் என்று நினைக்கிறேன். ரிசல்ட் பக்கத்தில் அது வந்தால் உத்தரவாதம் போலப் படிக்கப்படும். பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், தேர்ச்சிக்குப் பொய்யான உத்தரவாதம் தரக்கூடாது என்கின்றன. "படத்தைத்தான் போட்டேன், சொல்லவில்லையே" என்ற வாதம் எடுபடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாணவர் குரூப்பில் 💪 😄 தாராளமாகப் போகட்டும். ஃபீஸ் நினைவூட்டலில் மட்டும் 😊 போடாதீர்கள். கையில் பணம் இல்லாத மாதத்தில் அந்தச் சிரிப்பு குத்தலாகத் தெரியும். "இந்த மாதக் கட்டணம் 10-ஆம் தேதிக்குள், முடியாவிட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று எழுதி நிறுத்திவிடுங்கள்.