டீ ஓடுது, ஆனா கையில காசு நிக்கல

கேள்வி: திருச்சியில் தள்ளுவண்டி டீக்கடை வைத்திருக்கிறேன். தினம் 15 லிட்டர் பால் தீர்கிறது, டீ 12 ரூபாய். கூட்டம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் மாதக் கடைசியில் சர்க்கரை மூட்டை எடுக்கக்கூட கடன் வாங்குகிறேன். பணம் எங்கே போகிறது?

பதில்: ராத்திரி கல்லாவை எண்ணி, அதையே அன்றைய வியாபாரம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. நான் தள்ளுவண்டி போட்ட காலத்தில் முதல் வருடம் முழுக்க அப்படித்தான் எண்ணினேன். பால்காரருக்கும் வடைக்காரருக்கும் அந்தக் கல்லாவில் இருந்துதான் கொடுக்கிறோம், வீட்டுக்குக் காய்கறி வாங்கவும் அதிலிருந்துதான் எடுக்கிறோம், ஜிபேயில் வந்தது கல்லாவுக்கே வருவதில்லை. அப்புறம் அதில் மிச்சம் இருப்பது எதற்குக் கணக்கு?

கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். காலையில் சில்லறையாக 500 ரூபாய் வைத்துத் திறந்தீர்கள், ராத்திரி கல்லாவில் 1,150 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூடியது 650. அதோடு அன்று கல்லாவிலிருந்து வெளியே போனதையெல்லாம் சேருங்கள்: பாலுக்கு 750, வாங்கி விற்கும் 60 வடைக்கு 420, வீட்டுக்கு எடுத்தது 200. ஜிபேயில் வந்த 640-ஐயும் சேர்த்தால் 2,660. இதுதான் உங்கள் கைக்கு வந்த வியாபாரம்.

இனி பாலை வைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் பாலில், நீங்கள் வழக்கமாக விடும் தண்ணீரோடு, 14 டீ வரும் என்றால் 15 லிட்டருக்கு 210 டீ, 2,520 ரூபாய். வடை பத்து ரூபாய் வீதம் 600. மொத்தம் 3,120 வந்திருக்க வேண்டும். 460 ரூபாய் குறைகிறது, அதுவும் ஒரே நாளில்.

அதில் பாக்கி எவ்வளவு என்று முதலில் பாருங்கள். ஆட்டோ ஸ்டாண்டில் 15 டீ அக்கவுண்டில் போனால் 180 ரூபாய். அது போன காசு இல்லை, வர வேண்டிய காசு, ஆனால் டீ கொடுத்த கையோடு நோட்டில் எழுதினால்தான் வரும். ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதினால் நாலைந்து டீ கட்டாயம் விட்டுப்போகும்.

மீதி 280 ரூபாய் என்பது 23 டீ. பெரும்பாலும் இது கிளாஸில்தான் போகிறது. ஒருநாள் ஒரு லிட்டரைத் தனியாகக் காய்ச்சி, எத்தனை டீ வருகிறது என்று நீங்களே எண்ணுங்கள், மாஸ்டரோ உதவிக்கு இருப்பவரோ ஆற்றினால் எத்தனை வருகிறது என்றும் எண்ணுங்கள். கிளாஸில் விரல்கடை அளவு கூடப் போனாலே லிட்டருக்கு ஒன்றரை டீ குறைந்துவிடும், 15 லிட்டருக்கு அதுவே 22 டீ! யாரும் திருடவில்லை, அளவுதான் ஏறிவிட்டது. அதனால் ஆள்மீது சந்தேகப்படுவதற்கு முன்னால் கிளாஸைப் பாருங்கள். புது கிளாஸ் வாங்கும்போது பழையதில் தண்ணீர் ஊற்றி அளவு ஒப்பிட்டு வாங்குவது நல்லது. பழசு கொஞ்சம் சின்னதாக இருந்திருக்கும்.

ஜிபேக்கு வீட்டு அக்கவுண்ட்டைக் கொடுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். அங்கே விழும் 640 ரூபாய் செல்போன் ரீசார்ஜிலும் குழுக் கடன் தவணையிலும் கரைந்துபோகும், நீங்களோ கடைக்கு வருமானம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கடைக்குத் தனி சேமிப்புக் கணக்கு இருந்தால் போதும். வீட்டுக்குத் தினம் இவ்வளவு என்று ஒரு சம்பளம் வைத்துக்கொண்டு அதை மட்டும் எடுங்கள்.

சரி, சர்க்கரை மூட்டைக்கு வருவோம். டீக்கு 10 கிராம் போட்டால் உங்களுக்குத் தினம் 2 கிலோ சொச்சம் ஆகும், 50 கிலோ மூட்டை மூன்று வாரத்துக்கு மேல் வரும். கிலோவுக்கு 2 ரூபாய் மிச்சம் என்றாலும் மூட்டைக்கு 100 ரூபாய்தான். அதற்காகத் தண்டல் எடுத்தால், கையில் 9,000 வாங்கி நூறு நாள் தினம் 100 கட்டும் கணக்கில், 1,000 ரூபாய் வட்டிக்குப் போய்விடும். கையில் காசு சேரும்வரை நாலைந்து நாளுக்கு 10 கிலோ வாங்குங்கள், மழைக்காலத்தில் ஈரம் கோத்துக் கட்டியாவதும் இல்லை. டீத்தூளும் அப்படித்தான், பிரித்த பாக்கெட் நாளாக ஆக மணம் போய், நிறத்துக்காக இன்னும் ஒரு கரண்டி போட வேண்டிவரும்.

பாலில்தான் வாங்கும் கணக்கு முக்கியம். 15 லிட்டரையும் காலையிலேயே எடுக்காமல் 12 எடுத்துவிட்டு, மாலை நாலு மணிக்கு வானத்தையும் கூட்டத்தையும் பார்த்து மீதியை அரை லிட்டர் பாக்கெட்டாக எடுங்கள். மழை நாளில் மிஞ்சும் 2 லிட்டர், 28 டீக்கான பால்.

இன்னொன்று, 19 கிலோ சிலிண்டர் மாட்டியதும் தேதியைச் சாக்பீஸால் அதன்மேலேயே எழுதிவிடுங்கள். வழக்கமாக 12 நாள் வருவது 9 நாளில் தீர்ந்தால், அடுத்த சிலிண்டர் மாட்டும்போது இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா பாருங்கள், பர்னர் அடைத்துத் தீ மஞ்சளாக எரிகிறதா என்றும் பாருங்கள்.