சிவப்பு ஊசியும் சித்தியின் மூச்சும்

கேள்வி: அம்மா பீடி சுற்றுகிறார். கழுத்து வலிக்கு டாக்டர் போடுவது வெறும் சத்து ஊசிதான் என்று தெரிந்துவிட்டது. ஆனால் வலி குறைகிறதே! அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமா?

நீங்கள் ஆலங்குளம், முக்கூடல் பக்கமாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்தச் சிவப்பு ஊசி நன்றாகவே தெரியும். சிவப்பு, வைட்டமின் பி12-இன் நிறம்.

முதலில், அம்மா நடிக்கவில்லை. 1978-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஞானப்பல் பிடுங்கியவர்களுக்கு, வலி மருந்தே இல்லாத வெற்று மருந்தை ஏற்றிப் பார்த்தார்கள். சிலருக்கு வலி குறைந்தது. அபின் வகை மருந்துகளைத் தடுக்கும் நாலாக்சோனை அவர்களுக்குக் கொடுத்ததும் வலி ஏறியது. வலி குறையப்போகிறது என்று எதிர்பார்த்ததில் உடம்பே அபின் போன்ற தன் சொந்த வலி மருந்தைச் சுரந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

அதனால் பொய் சொல்லி ஊசி போடலாம் என்று ஆகிவிடாது. என் சித்தி கதையைக் கேளுங்கள்.

சித்தியும் பீடி சுற்றுகிறவர்தான். புகையிலைத் தூசியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து மூச்சிரைப்பு. (சுற்றிக் கொண்டுபோன பீடியில் ஒரு பங்கைச் சரியில்லை என்று ஒதுக்கிவிட்டு, அந்தக் கூலியையும் பிடித்துக்கொள்வார்கள். இதைப் பற்றி யாரும் கேள்வி கேட்கமாட்டேன் என்கிறீர்கள்.) இன்ஹேலர் வைத்துக்கொண்டால் பழகிவிடும் என்ற பயம். இரைப்பு வந்தால் ஒரு டாக்டரிடம் போய்க் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வார், அதில் மஞ்சளாகச் சத்து மருந்து கலந்திருக்கும். ஒருமுறை நானும் கூடப் போனேன். கையில் பீக் ஃப்ளோ மீட்டர் இருந்தது. வேகமாக ஊதினால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று போகிறது என்று காட்டும் சின்னக் குழாய் அது. மூன்று முறை ஊதச் சொல்லி, அதிகமாக வந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏற்றுவதற்கு முன் 170. ஏற்றி முடித்ததும் சித்தி முகம் தெளிந்து, "இப்பந்தாம்ட்டி மூச்சே வருது" என்றார். ஊதச் சொன்னேன், 180. பத்து லிட்டர் வித்தியாசம் ஊதுகிற ஊதலிலேயே வந்துவிடும், அதைக் கணக்கில் வைக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரை, மருந்தை நிதானமாக உள்ளிழுக்க உதவும் ஸ்பேசரோடு கொடுத்து இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் 260.

ஒரு ஆளை வைத்துச் சொல்கிறாள் என்பவர்களுக்கு: 2011-இல் பாஸ்டனில் 39 ஆஸ்துமா நோயாளிகளிடம் இதையே முறையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். நிஜ இன்ஹேலர், வெற்று இன்ஹேலர், போலி அக்குபங்சர், ஒன்றுமே செய்யாமல் விடுவது என நான்கும் ஒவ்வொருவருக்கும் மாறி மாறி. நிஜ மருந்தில், முதல் நொடியில் ஊதி வெளியேற்றுகிற காற்றின் அளவு 20 சதவீதம் உயர்ந்தது, மற்ற மூன்றிலும் சுமார் 7 சதவீதம்தான். ஆனால் எவ்வளவு தேறியது என்று கேட்டபோது நிஜ மருந்துக்கு 50 சதவீதம், போலிகளுக்கு 45, 46 என்றார்கள். சும்மா இருந்ததற்கு 21. மூச்சு முட்டுகிற உணர்வு குறைந்ததே தவிர, சுருங்கிய குழாய் விரியவில்லை. அந்தத் தெம்பில் இன்னொரு ராத்திரி வீட்டிலேயே இருந்துவிட்டால் என்ன ஆகும்?

இதையெல்லாம் சொன்னால் பலன் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். 2010-இல் குடல் எரிச்சல் நோய் உள்ள 80 பேரில் பாதிப் பேருக்கு, இதில் மருந்தே இல்லை என்று சொல்லியே மாத்திரை கொடுத்தார்கள். ஏன் பலன் தரக்கூடும் என்பதையும் விளக்கினார்கள். மூன்று வாரத்தில் அவர்களில் 59 சதவீதம் பேர் போதுமான நிவாரணம் என்றார்கள், மாத்திரை வாங்காதவர்களில் 35. இதிலும் அளந்தது அவர்கள் சொன்னதைத்தான், யாருக்கு மாத்திரை என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பொய் அவசியமில்லை என்று காட்ட இது போதும். அம்மாவுக்கு விவரம் சொல்லி, கழுத்துப் பயிற்சியும், நடுவே எழுந்து நடக்கிற பழக்கமும் சேர்த்தால், "இது கேட்கும்மா" என்று டாக்டர் மனசாரச் சொல்லலாம். ஏமாற்றி ஊசி குத்தினால் சீழ்க்கட்டியோ வேறு தொற்றோ வரும் ஆபத்தை அம்மா கேட்காமலே அவர் தலையில் கட்டுகிறோம்.

நர்ஸ் டாக்டருக்குப் பாடம் எடுக்கிறாள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நேர்மையான டாக்டர்கள் நிறையப் பேரோடு வேலை பார்த்தவள் நான்.

அம்மாவிடம் பேசுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உடைத்த ஆம்பூலை வாங்கிப் பெயரைப் படியுங்கள். சத்து ஊசி என்ற பெயரில் டெக்ஸாமெத்தசோனும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. அது போலி இல்லை, ஸ்டீராய்டு. அடிக்கடி போட்டால் சர்க்கரையும் பிரஷரும் ஏறும், எலும்பு தேயும். அம்மாவுக்கு முகம் உப்பியிருக்கிறதா, பசி கூடியிருக்கிறதா என்று பாருங்கள். நெடுநாளாகப் போட்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, அரசு ஆஸ்பத்திரி மருத்துவரிடம் ஆம்பூலோடு கூட்டிக்கொண்டு போங்கள்.