டைம்லைன் படத்திலிருந்து வெட்டுப் பட்டியல்

"ப்ராஜெக்ட் ஃபைல் போய்விட்டது, டைம்லைன் ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருக்கிறது. கிளிப் வரிசையையும் நீளத்தையும் எப்படி எழுதி எடுப்பது? நொடிக்கு 25 ஃபிரேம் உள்ள வீடியோ."

மேலே உள்ள நேர அளவுகோல்தான் உங்களுக்கு ஆதாரம். படத்தை ஏதாவது பட எடிட்டரில் திறந்து, அளவுகோலில் தூரமாக உள்ள இரண்டு நேரக் குறிகளின் பிக்சல் இடத்தைப் பாருங்கள். 0 நொடி 210-லும் 30 நொடி 1110-லும் இருந்தால், 900 பிக்சலுக்கு 30 நொடி. அதாவது நொடிக்கு 30 பிக்சல்.

அப்புறம் ஒவ்வொரு வெட்டின் இடத்தையும் குறியுங்கள். முதல் வெட்டு 336-ல் என்றால் (336−210)÷30 = 4.2 நொடி, அதாவது 4 நொடி 5 ஃபிரேம். அடுத்தது 564-ல் என்றால் 11.8 நொடி, அதாவது 11 நொடி 20 ஃபிரேம். இதை கிளிப் எண், தொடக்கம், முடிவு, நீளம் என்ற வரிசையில் எழுதுங்கள்; நேரத்தின் கடைசி இரண்டு இலக்கம் ஃபிரேம்.

```
1  00:00:00:00  00:00:04:05  04:05
2  00:00:04:05  00:00:11:20  07:15
```

கிளிப் நீளத்தைத் தனியாக அளந்து கூட்டாதீர்கள், பிழை சேர்ந்துகொண்டே போகும். எல்லா வெட்டையும் பூஜ்யத்திலிருந்தே அளந்து, நீளத்தைக் கழித்து எடுங்கள். காலி இடைவெளிக்கும் ஒரு வரி வேண்டும். விட்டால் நீளங்களைக் கூட்டும்போது மொத்தம் குறையும்.

இந்த அளவில் ஒரு பிக்சல் தவறினால் ஏறக்குறைய ஒரு ஃபிரேம்தான் மாறும். ஆனால் முழு டைம்லைனும் தெரியும்படி சுருக்கிய படத்தில் நொடிக்கு 2 பிக்சல் மட்டுமே இருந்தால், ஒரு பிக்சல் பிழையே அரை நொடி. அப்போது ஃபிரேம் எண்ணை எழுதாமல் "ஏறத்தாழ" என்று குறித்துவிடுங்கள். மூலக் கிளிப்பில் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்பது படத்தில் இருக்காது. ஏற்றுமதி செய்த வீடியோ இருந்தால் அதோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.