விண்டோசை அழிக்கும் முன் விசைப்பலகையைக் கழற்றிப் பாருங்கள்

வணக்கம் ஐயா. எங்கள் மடிக்கணினியைப் போட்டால் விண்டோஸ் வராமல் ஒவ்வொரு முறையும் செட்டப் பக்கம்தான் வருகிறது. வெளியே வந்தால் திரும்பவும் அதே பக்கம். சில நாட்களில் தானே அணைந்து தானே எழும்புகிறது. விண்டோசை அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். மகளின் உயர்தரப் பாடக் குறிப்புகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. என்ன செய்வது?
– வாசகி, விசுவமடு

அம்மா, விண்டோசை இப்போதைக்கு ஒருவரையும் தொட விடாதீர்கள். உங்கள் வீட்டில் நடப்பது விண்டோஸ் எழும்புவதற்கு முன்னால் நடக்கிற காரியம். மடிக்கணினிக்கு மின் வந்தவுடன் முதலில் ஓடுவது உள்ளேயுள்ள தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் பயோஸ் என்ற சிறு நிரல். அது ஓரிரு நொடிகள் விசைப்பலகையைப் பார்க்கும். அந்நேரம் F2 அழுத்தப்பட்டிருந்தால், செட்டப் என்ற தன் அமைப்புப் பக்கம் வேண்டும் என்று எடுத்துக்கொள்ளும். டெல், ஏசர், ஆசுஸ் போன்றவற்றில் பெரும்பாலும் F2, எச்பியில் F10. அழுத்துவது விரலா, விசைக்குக் கீழே காய்ந்து கிடக்கும் சீனித் தண்ணீரா என்று பயோசுக்குத் தெரியாது. விண்டோசும் குறிப்புகளும் இருக்கும் வட்டை முழுதாக அழித்து விண்டோசைப் பத்துத் தரம் போட்டாலும் அந்த விசை அழுந்தியபடிதான் இருக்கும். குறிப்புகள் போனதுதான் மிச்சமாகும்.

ஆனால் செட்டப் தானாக வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வட்டு பழுதானாலோ, அதன் இணைப்புக் கழன்றாலோ, எழும்ப இடமில்லாமல் பல மடிக்கணினிகள் செட்டப்புக்குள் போய் நின்றுவிடும். இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல. செட்டப் வந்ததும் முதல் பக்கத்திலோ Boot என்ற பக்கத்திலோ வட்டின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரும் `Windows Boot Manager` என்ற வரியும் இருந்தால் வட்டு பெரும்பாலும் நலம். சந்தேகம் விசைமேல் விழுகிறது. பெயரே இல்லையென்றால் நான் கீழே சொல்வது உங்களுக்குப் பொருந்தாது. வட்டைத்தான் பார்க்க வேண்டும்.

பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் திரையைக் கவனியுங்கள். தேர்வுக் கோடு தானே கீழே ஓடினால் அம்பு விசை சிக்கியிருக்கிறது. சேமித்து வெளியேறவா என்ற பெட்டி தானாக வந்தால் F10. எச்பியில் இது ஒரு வளையமாகவே மாறிவிடும்: உள்ளே கொண்டுபோவதும் F10, சேமித்து வெளியேற்றுவதும் F10. ஆனால் F2 மட்டும் சிக்கினால் செட்டப்புக்குள் எதுவுமே அசையாமல் இருக்கலாம். ஆகவே திரை அசையவில்லை என்பதால் விசை நல்லது என்று முடிவெடுக்க வேண்டாம்.

முதல் வேலை மகளின் குறிப்புகள். பல மடிக்கணினிகளில் `Save & Exit` பக்கத்தின் அடியில் `Boot Override` என்றொரு பட்டியல் இருக்கும். அதில் `Windows Boot Manager` என்பதைத் தேர்ந்து என்டர் அழுத்துங்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்காமல் நேரே விண்டோசுக்குப் போகும் வழி அது. F2 சோதிக்கப்படும் கட்டம் தாண்டிவிடுகிறது. எல்லா மடிக்கணினியிலும் இது இல்லை. இருந்து, விண்டோஸ் திறந்தால், வேறு எதையும் செய்யாமல் குறிப்புகளைப் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். செட்டப்பில் வேறு அமைப்புகளை மாற்ற வேண்டாம். வட்டு எப்படி வாசிக்கப்பட வேண்டும் என்ற அமைப்பு தவறி மாறினால், நல்ல விண்டோசும் எழும்பாது.

போன மாரிக்கு முன்னால் புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் ஆசிரியர் கொண்டுவந்த மடிக்கணினியின் கதை உங்களுடையதைப் போன்றது. வேறோர் இடத்தில் இரண்டு தரம் விண்டோஸ் போட்டாயிற்று; செட்டப் மட்டும் போகவில்லை. பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு, விசைப்பலகையிலிருந்து தாய்ப்பலகைக்குப் போகும் தட்டையான ரிப்பன் கேபிளை எடுத்தேன். பற்றரியை மறுபடி பூட்டி, யூஎஸ்பி விசைப்பலகையைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன். விண்டோஸ் நேரே வந்து நின்றது. ஐந்து தரம் போட்டு அணைத்தோம். ஐந்து தரமும் ஒழுங்கு. கேபிளைத் திரும்பப் பூட்டியதும் பழையபடி செட்டப். இந்தச் சோதனைக்கு மேல் எந்தச் சோதனையும் தேவையில்லை.

விசைப்பலகையைப் பிரித்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மின் கடத்தும் கோடுகள் அவற்றில் அச்சிடப்பட்டிருக்கும். விசையை அழுத்தினால் மேல் தாளின் புள்ளி கீழ்த் தாளின் புள்ளியைத் தொடும். அவ்வளவுதான் விசை. அவருடையதில் மேல் வரிசையில் பெருவிரல் நகமளவு பழுப்புக் கறை இருந்தது. பிளேன் ரீ. எப்போதோ ஊற்றுப்பட்டதைத் துணியால் துடைத்துவிட்டு மறந்திருக்கிறார்கள். தேயிலையை விடச் சீனிதான் எதிரி. காய்ந்த சீனி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசிந்து, இரண்டு கோடுகளுக்கிடையே பாலம் போட்டுவிடும். விசை மேலே நிமிர்ந்தே நிற்கும். கீழே அழுந்தியதாகவே கணக்கு. இதனால்தான் வெயில் நாட்களில் ஒழுங்காக இருந்து, மழைக்காலத்தில் அல்லது விடியற்காலையில் மட்டும் தொந்தரவு தருகிற மடிக்கணினிகள் இருக்கின்றன. உங்களுடையதும் அப்படியா என்று யோசித்துப் பாருங்கள். அப்படியென்றால் எப்போதோ ஏதோ சிந்தியிருக்கிறது.

அந்தத் தாளை ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்டுத் துடைத்தேன். சில கிழமை ஓடியது. கார்த்திகை மழை பிடித்ததும் பழைய குணம் திரும்பியது. இப்போது ஈரம் பட்ட விசைப்பலகையைத் துப்புரவாக்கிக் கொடுப்பதை நான் தற்காலிக வேலை என்று சொல்லியே கொடுக்கிறேன். நிலையான வழி மாற்றுவதுதான்.

தூசி வேறு கதை. எங்கள் கிரவல் வீதிகளின் செம்மண் தூசி விசைக்கும் சட்டத்துக்கும் நடுவே இறுகி, விசையை உண்மையாகவே கீழே பிடித்து வைத்திருக்கும். மடிக்கணினியை அணைத்து, சார்ஜரை எடுத்துவிட்டு, மேல் வரிசையை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பக்கத்து விசைகளை விட ஒன்று தாழ்ந்திருந்தால் அதுதான். சரித்துப் பிடித்து, மென்மையான தூரிகையால் பக்கவாட்டில் தள்ளி, இருபது முப்பது தரம் அழுத்தி விடுங்கள். டயர் கடைக் காற்றைப் பிடிக்க வேண்டாம். அந்த அழுத்தம் விசைத் தொப்பிகளைப் பிடுங்கும். குழாயிலிருந்து தண்ணீரும் வரும். எண்ணெய் விடவே கூடாது.

தானே அணைந்து எழும்புவதற்கு வருகிறேன். பவர் பொத்தானைச் சுமார் 4 நொடி விடாமல் அழுத்தினால், விண்டோஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மடிக்கணினி வலிந்து அணையும். சிலவற்றில் இன்னும் கூட நேரம் பிடிக்கும். சிக்கிய பொத்தான் செய்வதும் இதையே. அணைந்த பின் பொத்தான் சற்று விட்டுப் பிடித்தால் மறுபடி எழும்பும். எனவே கடிகாரத்தை வைத்து நேரத்தைக் குறியுங்கள். ஒவ்வொரு தரமும் ஏறத்தாழ அதே நொடியில் அணைந்தால் பொத்தானைச் சந்தேகியுங்கள். ஒரு தரம் ஒரு நிமிடம், மறு தரம் இருபது நிமிடம் என்றால் சூடு, நினைவகம், சார்ஜர் பக்கம் பார்க்க வேண்டும்.

விண்டோசுக்குள் இருக்கும்போது அணைந்திருந்தால் அது ஒரு தடயம் விட்டுச் செல்லும். நிர்வாகியாகத் திறந்த `Command Prompt` என்ற கட்டளைச் சாளரத்தில் இதை இடுங்கள்:

```
wevtutil qe System /q:"*[System[(EventID=41)]]" /c:1 /rd:true /f:xml
```

வரும் எழுத்துகளில் `PowerButtonTimestamp` என்பதைத் தேடுங்கள். அதற்கு நேரே 0 அல்லாத எண் இருந்தால், கடைசித் தடவை பொத்தான் அழுத்தப்பட்டே அணைந்திருக்கிறது. வீட்டில் ஒருவரும் தொடவில்லையென்றால் குற்றவாளி பொத்தான்தான். 0 என்று இருப்பதை மட்டும் வைத்துப் பொத்தானை விடுவித்துவிட வேண்டாம். விண்டோஸ் வருமுன் அணைந்தவை இதில் பதியாது.

கண்ட்ரோல் பேனலில் `Choose what the power buttons do` என்ற இடத்தில் `Do nothing` என்று வைத்தால், பொத்தான் துடிப்பதால் திடீரென்று உறங்குவதும் மூடுவதும் நிற்கும். 4 நொடி அழுத்தத்தை அது தடுக்காது. அதே போல விண்டோசுக்குள் விசைப்பலகையை முடக்கினாலும் செட்டப் வருவது நிற்காது, ஏனெனில் பயோஸ் அந்த முடக்கத்தை அறியாது.

இரண்டு கோளாறும் உங்களிடம் சேர்ந்தே வருவதால் ஒன்றைப் பாருங்கள்: பவர் பொத்தான் தனியாக இருக்கிறதா, அல்லது மேல் வலது மூலையில் டிலீட் விசைக்குப் பக்கத்தில் இன்னொரு விசையாக இருக்கிறதா? விசையாக இருந்தால் பெரும்பாலும் அதே விசைப்பலகையின் பகுதிதான். ஒரே சிந்தல் இரண்டையும் கெடுத்திருக்கும். அத்தகைய மடிக்கணினியில் கேபிளைக் கழற்றினால் போடுவதற்கே பொத்தான் இருக்காது. டெல் மாதிரிகள் சிலவற்றில் செட்டப்பில் `Wake on AC` உண்டு. அதைப் போட்டு வைத்தால் சார்ஜரைச் செருகியதும் எழும்பும். அதன் பின் சோதனையைச் செய்யலாம். இல்லையென்றால் வேறொரு நல்ல விசைப்பலகையைப் பூட்டிப் பார்ப்பதே வழி. பொத்தான் தனியாக இருந்தால் அதன் சிறு பலகைக்கு வேறு கேபிள் போகும். பெரும்பாலும் அந்தச் சிறு பலகையை மட்டும் மாற்றினால் போதும்.

கழற்றும் வேலையைப் பழகிய ஒருவரிடம் கொடுங்கள். ரிப்பன் கேபிளின் பூட்டுச் சட்டம் தீக்குச்சியை விட மெல்லியது. சிலவற்றில் மேலே தூக்க வேண்டும், சிலவற்றில் வெளியே இழுக்க வேண்டும். மாறிச் செய்தால் உடைந்து, தாய்ப்பலகையிலேயே வேலை வந்துவிடும். கேபிள் சரிந்து பூட்டுப்பட்டாலும் அழுத்தாத விசைகள் அழுந்தியதாகக் காட்டும். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே: "விண்டோஸ் போட முதல் உள் விசைப்பலகையைக் கழற்றி, யூஎஸ்பி விசைப்பலகையில் ஒரு தரம் போட்டுக் காட்டுங்கள்." உங்கள் கண்முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள்.

விசைப்பலகைதான் என்று முடிவானால், வவுனியாவுக்கோ கொழும்புக்கோ சொல்லி எடுப்பிக்கும் முன் அதன் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் தாளைத் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். மடிக்கணினியின் பெயரைச் சொல்லி வாங்கினால் பவர் விசை இல்லாததும், வெளிச்சக் கேபிள் வேறாக உள்ளதும், என்டர் விசை வேறு வடிவானதும் வந்து சேரும். அந்தத் தாளில் உள்ள இலக்கம் பொருந்த வேண்டும். சிலவற்றில் விசைப்பலகை மேல் மூடியோடு பிளாஸ்டிக் ஆணிகளால் உருக்கி ஒட்டப்பட்டிருக்கும்; அப்போது மூடியோடு சேர்த்து எடுப்பதே நல்லது. பொருள் வந்து சேரும் வரை, பொத்தான் தனியாக இருக்கும் மடிக்கணினியானால், உள் கேபிளைக் கழற்றியபடியே யூஎஸ்பி விசைப்பலகையை வைத்து மகள் படிப்பைத் தொடரலாம்.