அப்பாவிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாய்?

*அக்கா, எனக்கு 26 வயது. வீடு பட்டர்வொர்த்தில், வேலை பாயான் லெப்பாஸில் ஒரு பெரிய தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில். ஆன்லைனில் டேட்டா அனலிடிக்ஸ் கோர்ஸ் ஒன்று பார்த்தேன். 120 மணி நேரம், 3,600 வெள்ளி, சர்டிபிகேட் உண்டு. 60 பேர் வகுப்பு. 10 வாரம் சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் ஸூம், மற்றதெல்லாம் வீடியோ. மணிக்கு 30 வெள்ளிதான் ஆகிறது. லாரி ஓட்டும் அப்பா தன் இபிஎஃப் மூன்றாம் கணக்கிலிருந்து எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். போஸ்டரில் 'எச்ஆர்டி கார்ப் கிளெய்மபிள்' என்று போட்டிருப்பதால், கவர்மெண்ட் சர்டிபிகேட் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லாம் இலவசமாகவே கிடைக்கும் என்கிறான் தம்பி. சேரலாமா?*

கோர்ஸ் கிடக்கட்டும் தங்கச்சி. கவர்மெண்ட் சர்டிபிகேட் என்று அப்பாவிடம் சொன்னாயே, அதை யாரிடமாவது கேட்டு உறுதி செய்தாயா? போஸ்டரில் இருந்த மூன்று சொல்லை உனக்கு வசதியாகப் படித்துக்கொண்டாய். அந்த மனிதர் அதை நம்பித் தன் சேமிப்பில் கை வைக்கப் போகிறார்.

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. மலேசியத் தொழிலாளர் பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் உன் தொழிற்சாலை போன்ற நிறுவனங்கள், சம்பளத் தொகையில் ஒரு விழுக்காட்டை எச்ஆர்டி கார்ப்புக்கு லெவியாகக் கட்ட வேண்டும். அது முதலாளி கட்டுவது, உன் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அந்தப் பணத்தில் ஊழியருக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்பதுதான் 'கிளெய்மபிள்'. காசு எங்கிருந்து வரலாம் என்று அது சொல்கிறது. சர்டிபிகேட்டுக்கு என்ன மதிப்பு என்று சொல்லவில்லை. தனி ஆளாக நீ கிளெய்ம் பண்ணவும் முடியாது.

அப்படியானால் உன் கம்பெனியின் லெவி இருக்கும்போது அப்பாவின் பணம் எதற்கு? எச்ஆரிடம் போய்க் கேள். விண்ணப்பத்தை வகுப்பு தொடங்கும் முன்பே கம்பெனி போட வேண்டும். நீ சேர்ந்து பணம் கட்டிவிட்டுப் போய் நின்றால் ஒன்றும் நடக்காது. 26 வயதில் சம்பளம் வாங்கும் பிள்ளை, தகப்பனின் கடைசிக் காலக் காசில் கோர்ஸ் படிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் தானாகவே கொடுத்தாலும்தான்.

சரி, விலைக்கு வருவோம். மணிக்கு 30 வெள்ளி என்ற கணக்கே தப்பு. 120 மணியில் ஆசிரியர் உன் முன்னால் இருப்பது 20 மணிதான். மீதி 100 மணி, ஒருமுறை பதிவு செய்து எல்லாருக்கும் விற்கும் வீடியோ. 3,600-ஐ 20-ஆல் வகுத்தால் மணிக்கு 180 வெள்ளி. அந்த இரண்டு மணி நேரத்தையும் 60 பேருக்குப் பங்கு போட்டால் வாரத்துக்கு உனக்கு இரண்டு நிமிடம். அடுத்தவர் கேட்கும் கேள்வியிலும் கொஞ்சம் கற்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீ செய்த ரிப்போர்ட்டை ஒருவர் திறந்து, "இந்த இரண்டு டேபிளையும் தப்பாக இணைத்திருக்கிறாய்" என்று காட்டுவாரா? அதற்குத்தான் காசு கொடுக்கலாம். வீட்டுப் பாடத்தை யார் திருத்துவார், எத்தனை நாளில் திருப்பித் தருவார் என்று அகாடமியிடம் எழுதிக் கேள். டெலிகிராம் குரூப் இருக்கிறது என்று பதில் வந்தால் திருத்த ஆள் இல்லை என்று வைத்துக்கொள்.

தம்பி சொல்வதில் முக்கால்வாசி சரி. பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார். தரவை ரிப்போர்ட்டாக்கும் பவர் பிஐ மென்பொருளுக்கான பாடங்கள் மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் இலவசம், பவர் பிஐ டெஸ்க்டாப் மென்பொருளும் இலவசம். டேட்டாபேஸிலிருந்து தரவை எடுக்க உதவும் எஸ்கியூஎல், ஃப்ரீகோட்கேம்ப் தளத்தில் கிடைக்கும். அவன் மறந்தது ஒன்று: அங்கேயும் உன் தப்பைச் சுட்டிக்காட்ட ஆள் இருக்காது.

சர்டிபிகேட்டில் இரண்டு வகை. வகுப்பை முடித்தாய் என்று அகாடமியே கொடுப்பது ஒன்று. கண்காணிப்போடு நடக்கும் தேர்வில் தேறி வாங்குவது இன்னொன்று. மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ தேர்வான PL-300 இரண்டாவது வகை. அதற்குத் தேர்வுக் கட்டணம் மட்டும் உண்டு. 1000-க்கு 700 எடுக்க வேண்டும். நீ தேறியதை எந்த முதலாளியும் இணையத்தில் சரிபார்க்கலாம். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அது இலவசம். உன் அகாடமியின் தாளை எடைபோட ஜாப்ஸ்ட்ரீட்டில் பினாங்கு டேட்டா அனலிஸ்ட் விளம்பரங்கள் இருபதைத் திறந்து பார். எத்தனையில் அகாடமியின் பெயர் வருகிறது, எத்தனையில் எக்செல், எஸ்கியூஎல், பவர் பிஐ என்று இருக்கிறது? உண்மையிலேயே அங்கீகாரம் பெற்ற படிப்பா என்று தெரிய மலேசியத் தகுதி முகமையான எம்க்யூஏ தளத்தின் பதிவேட்டில் தேடலாம். இந்த மாதிரி குறுகிய கோர்ஸ்கள் பெரும்பாலும் அதில் இருக்காது.

எச்ஆர் ஒத்துக்கொண்டால், திருத்த ஆள் இருந்தால், சேர். முடியாது என்றால் ஆறு வாரம் மைக்ரோசாஃப்ட் லேர்னில் உட்கார். உன் பிரிவின் செலவுக் கணக்கையே மேலாளரிடம் அனுமதி கேட்டு ரிப்போர்ட்டாகப் போட்டுப் பார். எங்கே சிக்குகிறாய் என்று அப்போது தெரியும். அதற்கு மட்டும் ஆள் பிடித்து உன் சம்பளத்திலிருந்து கொடு.

இதெல்லாம் திங்கட்கிழமை வேலை. இன்று ராத்திரி அப்பா வீட்டுக்கு வந்ததும், அது கவர்மெண்ட் சர்டிபிகேட் இல்லை என்று சொல்லிவிடு.